மானிட்டரைப் படம் பிடித்தால் ஓடும் கறுப்புப் பட்டை: ஷட்டரை எதற்குப் பொருத்துவது?

கேள்வி: லேப்டாப் திரையைக் காட்டி ஒரு பயிற்சி வீடியோ எடுக்கிறேன். கண்ணால் பார்த்தால் திரை நன்றாகத்தான் இருக்கிறது, கேமராவில் மட்டும் கருமையான பட்டைகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. திரை 60 ஹெர்ட்ஸ், கேமரா வினாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. 1/60 வைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். வைத்தேன், பட்டையின் தடிமன் மாறியதே தவிர பட்டை போகவில்லை. ஆனால் அதே 1/60-இல் பக்கத்தில் இருக்கும் மானிட்டர் சுத்தமாக வருகிறது. லேப்டாப்பில் மட்டும் ஏன் இப்படி?

பதில்:

உங்கள் லேப்டாப் மினுக்குவது 60 ஹெர்ட்ஸில் இல்லை. அதனால்தான் 1/60 பலிக்கவில்லை. ஷட்டரைப் பொருத்த வேண்டியது திரையின் மினுக்கத்தோடு. திரை வினாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற ரிஃப்ரெஷ் ரேட்டும் மினுக்கமும் பல திரைகளில் ஒன்றாகவே இருக்கும் அல்லது ஒன்று மற்றொன்றின் மடங்காக இருக்கும். அப்படிப்பட்ட திரைகளில் 1/60 வேலை செய்துவிடுவதால் அதுவே பொது விதி போல ஆகிவிட்டது. உங்கள் பக்கத்து மானிட்டர் அந்த வகையாகவோ, மினுக்கம் தெரியாத வகையாகவோ இருக்கலாம், லேப்டாப் இரண்டுமே இல்லை.

முதலில் 1/60 ஏன் வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். அது புரிந்தால் லேப்டாப்புக்கு என்ன எண் வைப்பது என்பதை நீங்களே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம்.

ஒழுகும் குழாய் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்குச் சரியாக 60 சொட்டு. அதன் கீழே ஒரு டம்ளரை 1/60 வினாடி பிடித்து எடுத்தால், எந்த நொடியில் பிடிக்கத் தொடங்கினாலும் ஒரு சொட்டு விழுந்திருக்கும். சொட்டு விழுந்த உடனே தொடங்கினாலும் ஒன்று, விழப்போகும் தறுவாயில் தொடங்கினாலும் ஒன்று. 1/30 வினாடி பிடித்தால் எப்போதும் இரண்டு. ஆனால் 1/50 வினாடி பிடித்தால் சில சமயம் ஒன்று, சில சமயம் இரண்டு. 1/100 பிடித்தால் சில சமயம் ஒன்று, சில சமயம் காலி டம்ளர்.

இப்போது உங்கள் கேமராவுக்கு வருவோம். அதன் சென்சார் முழுப் படத்தையும் ஒரே நொடியில் எடுப்பதில்லை. மேல் வரிசையில் தொடங்கி ஒவ்வொரு வரிசையாகக் கீழே இறங்குகிறது. இதைத்தான் ரோலிங் ஷட்டர் என்கிறார்கள். 1080 வரிசை என்றால், 1080 டம்ளர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சற்றே தாமதித்துக் குழாயின் கீழே நீட்டுவது மாதிரி. எல்லா டம்ளரையும் பிடிக்கும் நேரம் ஒன்றுதான், தொடங்கும் நொடிதான் வேறு. பிடிக்கும் நேரம் சொட்டுகளின் இடைவெளிக்கு முழு மடங்காக இருந்தால் எல்லா டம்ளரிலும் ஒரே அளவு. இல்லாவிட்டால் சில வரிசைகளில் ஒரு சொட்டு கூடும், சிலவற்றில் குறையும். அந்தக் கூடுதல் குறைவுதான் நீங்கள் பார்க்கும் பட்டை.

ஆகவே விதி இவ்வளவுதான்:

```
ஷட்டர் நேரம் = n / f      (n = 1, 2, 3 ...;  f = மினுக்கம், ஹெர்ட்ஸில்)
```

இதில் ஃப்ரேம் ரேட் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பலர் ஃப்ரேம் ரேட்டை மாற்றிப் பார்த்துவிட்டு ‘பட்டை ஓடுவது நின்றுவிட்டது’ என்று சந்தோஷப்படுவார்கள். ஃப்ரேம் ரேட் தீர்மானிப்பது பட்டை எவ்வளவு வேகமாக ஓடுகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை மட்டும்தான். அதைப் பொருத்தினால் பட்டை ஓரிடத்தில் நிற்கும், ஆனால் இருக்கும். கேமராவில் பட்டையை இல்லாமல் செய்வது ஷட்டர் நேரம் மட்டுமே. நீங்கள் 1/50-இலிருந்து 1/60-க்கு மாற்றியபோது தடிமன் மாறியதும், பட்டை போகாததும் இதனால்தான். விதி சரி, நீங்கள் போட்ட f தவறு.

அந்த 60 எங்கிருந்து வந்தது? பழைய சிஆர்டி டியூப் மானிட்டர்களிலிருந்து. அதில் எலக்ட்ரான் கற்றை ஒவ்வொரு ரிஃப்ரெஷுக்கும் மேலிருந்து கீழாக ஒருமுறை வருடிச் செல்லும். அது பட்ட இடத்தில் திரையின் உட்புறம் பூசிய பாஸ்பர் பளிச்சென்று எரிந்து உடனே அடங்கிவிடும். அங்கே மினுக்கமும் ரிஃப்ரெஷும் ஒன்றேதான். 60 ஹெர்ட்ஸ் டியூப் என்றால் 1/60, 85 ஹெர்ட்ஸ் என்றால் 1/85. இரண்டாவது பேச்சே இல்லை.

எல்சிடி அப்படியில்லை. ஒரு ரிஃப்ரெஷுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பிக்சல் தன் நிலையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அணைந்து எரியாது. அங்கே மினுக்குவது பின்னால் இருக்கும் பேக்லைட். பிரைட்னஸைக் குறைக்கும்போது, பல திரைகள் விளக்கை மெல்ல மங்கச் செய்வதில்லை. அதை வேகமாக அணைத்து அணைத்து எரிய விடுகின்றன. பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைந்திருந்தால் கண்ணுக்குப் பாதி வெளிச்சம். இந்த முறைக்கு பி.டபிள்யூ.எம். என்று பெயர். இதன் வேகத்தைத் தீர்மானிப்பது பேக்லைட்டின் சுற்று, அதற்கும் திரையின் 60-க்கும் சம்பந்தம் இருந்தாக வேண்டிய அவசியமே இல்லை. 200 ஹெர்ட்ஸை ஒட்டியும் இருக்கும், பல ஆயிரம் ஹெர்ட்ஸிலும் இருக்கும். ஆயிரக்கணக்கில் இருந்தால் உங்கள் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் பல பத்து முறை எரிந்து அணைந்துவிடும், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தெரியாது. தொல்லை தருவது இருநூறு முந்நூறில் ஓடுபவைதான்.

பக்கத்து மானிட்டர் 1/60-இல் சுத்தமாக வருவதற்கு இரண்டில் ஒரு காரணம் இருக்கலாம். அதன் பேக்லைட் மினுக்காமலே இருக்கலாம் அல்லது ஆயிரக்கணக்கில் வேகமாக மினுக்கலாம், இது முதலாவது. இல்லையென்றால் 240 போல 60-இன் மடங்கில் மினுக்கலாம். 240 என்றால் 1/60 வினாடிக்குச் சரியாக நான்கு சுற்று, பட்டைக்கு வேலையில்லை. எது என்று தெரிய வேண்டுமானால் அதையும் 1/50-இல் எடுத்துப் பாருங்கள். அப்போதும் சுத்தமாக வந்தால் பெரும்பாலும் முதலாவது.

இப்போது உங்கள் லேப்டாப்பின் f-ஐக் கண்டுபிடிப்போம். இதற்குத் தனிக் கருவி தேவையில்லை, கேமராவே போதும்.

ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திரை முழுக்கத் திறந்து வையுங்கள். படப்பிடிப்பில் பிரைட்னஸ் எவ்வளவு இருக்குமோ அதே அளவில் வையுங்கள். கேமராவில் வெள்ளை மட்டும் நிறையும்படி கிட்டே கொண்டுபோய், ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிக்சல் வலையும் சென்சார் வலையும் மோதி அலை அலையாக மோரே கோலம் வரும், அது வேறு கதை. ஷட்டரை 1/1000-க்குக் கொண்டுபோய், வெளிச்சம் குறைவதை ஐ.எஸ்.ஓ. ஏற்றிச் சமாளியுங்கள். இப்போது பட்டைகள் பளிச்சென்று, கரை கட்டிய புடவை மாதிரி தெரியும். ஐந்து வினாடி பதிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, கேமராவில் எதையும் மாற்றாமல், மின்சாரத்தில் நேராக எரிந்து மினுக்கும் ஒரு விளக்கின் வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரை எடுங்கள். குண்டு பல்பு இருந்தால் நல்லது, மலிவான எல்இடி பல்பும் பெரும்பாலும் உதவும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது வினாடிக்கு 100 முறை மினுக்கும், 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் 120 முறை. நமக்குக் கிடைத்த அளவுகோல் இதுதான். ரெசல்யூஷன், ஃப்ரேம் ரேட் எதையும் இடையில் தொடக் கூடாது, ஏனென்றால் அவை மாறினால் சென்சார் வரிசைகளைப் படிக்கும் வேகமும் மாறிவிடக்கூடும்.

இரண்டு பதிவிலிருந்தும் ஒவ்வொரு ஃப்ரேமைப் படமாக எடுத்து, ஏதாவது ஒரு படத் திருத்தியில் திறந்து, ஒரு கறுப்புப் பட்டையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை எத்தனை பிக்சல் வரிசை என்று அளவெடுங்கள். நான் ஒரு முறை எடுத்த அளவைச் சொல்கிறேன், 1080 வரிசை வீடியோவில். விளக்கில் இடைவெளி 540 வரிசை. திரையில் நான்கு இடைவெளிகள் சேர்ந்து 980 வரிசை, அதாவது ஒன்று 245. பட்டைகள் நெருங்க நெருங்க மினுக்கம் வேகம், எனவே:

```
f = 100 × 540 / 245 ≈ 220 ஹெர்ட்ஸ்
```

220-ஐ 60-ஆல் வகுத்தால் 3.67. 1/60 வினாடியில் மூன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. 1/50-இல் 4.4 சுற்று. இரண்டுமே முழு எண் இல்லை. பேக்லைட் பாதி நேரம் எரிவதாக வைத்துக் கணக்குப் போட்டால், இரண்டிலுமே வெளிச்சமான வரிசைக்கும் மங்கலான வரிசைக்கும் சுமார் 20 சதவீதம் வித்தியாசம் வருகிறது. ‘1/60 வைத்தும் போகவில்லை’ என்று நீங்கள் சொல்வதும் இதே மாதிரியான நிலையாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் எண் 220 என்று நான் சொல்லவில்லை, நீங்கள் அளந்துதான் பார்க்க வேண்டும். கணக்கைத் தொடர 220 என்றே வைத்துக்கொள்கிறேன்.

வேண்டிய ஷட்டர் 1/220, 2/220, 3/220, 4/220 என்று போகும். நான்கு சுற்று என்றால் 1/55. வினாடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் வீடியோவுக்கு இது வழக்கமான 1/50-க்குப் பக்கத்திலேயே இருப்பதால் கை அசைவும் இயல்பாக இருக்கும். 1/55 என்ற எண் சாதாரண ஷட்டர் வரிசையில் இருக்காது. அதற்காகவே பல வீடியோ கேமராக்களில் நுண்ணிய படிகளில் நகரும் தனி ஷட்டர் அமைப்பு உண்டு. சோனி வீடியோ கேமராக்களில் மெனுவில் ECS என்று பாருங்கள், கேனானில் Clear Scan, பானாசோனிக்கில் Synchro Scan. புகைப்படக் கேமராக்களிலும் புதிய மாடல்கள் சிலவற்றில் மாறும் ஷட்டர் வந்திருக்கிறது. ஷட்டரைக் கோணத்தில் வைக்கும் கேமராவாக இருந்தால் இப்படி மாற்றிக்கொள்ளலாம்:

```
கோணம் = 360 × 25 / 55 ≈ 163.6°
```

எண்ணைப் போட்டதோடு வேலை முடிவதில்லை. விளக்கின் இடைவெளியை அளந்ததில் பத்து வரிசை முன்பின் ஆகியிருந்தாலே f-இல் கிட்டத்தட்ட இரண்டு சதவீதம் பிழை வந்துவிடும். எனவே 1/55-ஐத் தொடக்கமாக வைத்து, 1/54-க்கும் 1/56-க்கும் நடுவில் மெல்ல நகர்த்துங்கள். ஒரு புள்ளியில் பட்டை கரைந்து, அதைத் தாண்டினால் மறுபடி துளிர்க்கும். நடுவில் நிறுத்துங்கள்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பது பிரைட்னஸைப் பொறுத்தது, இதைப் பலர் கவனிப்பதில்லை. பேக்லைட் பாதி நேரம் எரியும்போது ஷட்டரில் ஒரு சதவீதப் பிழை இருந்தால் பட்டையின் ஆழம் இரண்டு சதவீதம், கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. பிரைட்னஸை வெகுவாகக் குறைத்து, பத்தில் ஒரு பங்கு நேரம்தான் எரிகிறது என்றால், அதே ஒரு சதவீதப் பிழை பத்து சதவீதப் பட்டையாக வரும். சொட்டு சிறிதாகும்போது ஒவ்வொரு சொட்டும் முக்கியமாகிவிடுகிறது. டியூப் மானிட்டர் இதன் உச்சம். அங்கே ஷட்டர் மயிரிழை குறைந்தால் மெல்லிய கறுப்புக் கோடு, மயிரிழை கூடினால் மெல்லிய வெளிச்சக் கோடு. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கோடே சொல்லிவிடும், அந்த விதத்தில் டியூப் மானிட்டர் நல்ல பிள்ளை.

இதிலிருந்தே உங்களுக்கு இன்னொரு வழி கிடைக்கிறது. உண்மையில் நான் முதலில் முயல்வது இதைத்தான்: லேப்டாப்பின் பிரைட்னஸை 100-க்கு ஏற்றுங்கள். பல திரைகளில் முழு பிரைட்னஸில் பேக்லைட் அணைவதே இல்லை. மினுக்கம் இல்லையென்றால் எந்த ஷட்டரிலும் பட்டை இல்லை. கணக்கும் வேண்டாம், தனி மெனுவும் வேண்டாம். பிரைட்னஸைப் பத்துப் பத்தாக ஏற்றிக்கொண்டே 1/1000 ஷட்டரில் பாருங்கள். கறுப்புப் பட்டை மெலிந்துகொண்டே வந்து 100-இல் மறைந்தால் அது இந்த வகைத் திரை.

‘முழு பிரைட்னஸில் திரை வெளுத்துப்போகிறதே, முகம் இருட்டாகிவிடுகிறதே’ என்பீர்கள். பேக்லைட்டைத் தொடாமல் படத்தை மங்கலாக்குங்கள். வெள்ளைப் பின்னணிக்குப் பதில் சாம்பல் பின்னணி வைக்கலாம், அல்லது கிராபிக்ஸ் கார்டின் அமைப்பில் வெள்ளையின் அளவைக் குறைக்கலாம். இது பிக்சல் அளவில் நடக்கும் மங்கல், பேக்லைட் தொடர்ந்து எரிந்துகொண்டுதான் இருக்கும். முகத்துக்கும் ஒரு விளக்கைக் கூட்டுங்கள். லென்ஸின் முன் என்.டி. ஃபில்டர் போட்டுப் பயனில்லை, அது திரையையும் முகத்தையும் சேர்த்துத்தான் இருட்டாக்கும்.

100-இலும் பட்டை இருக்கிறது, கேமராவில் 1/55-ம் இல்லை என்றால்? இருக்கும் படிகளில் மிக நீளமானதை வையுங்கள். 25 ஃப்ரேமுக்கு அது 1/25. அதில் 8.8 சுற்று அடங்கும். முழு எண் இல்லைதான், ஆனால் எட்டு ஒன்பது சொட்டுகளில் ஒன்றின் ஒரு பகுதி கூடினால் என்ன, குறைந்தால் என்ன. மேலே போட்ட அதே கணக்கில் வித்தியாசம் 20 சதவீதத்திலிருந்து 5-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. கர்சரும் கையும் கொஞ்சம் இழுபடும். திரையில் எழுத்து மட்டும் நிற்கும் காட்சி என்றால் யாருக்கும் தெரியாது.

ஏற்கெனவே எடுத்துவிட்ட காட்சிகள் கையில் இருந்தால், திரை அசையாமல் நிற்கும் இடங்களை மட்டும் காப்பாற்றலாம். 220 ஹெர்ட்ஸும் 25 ஃப்ரேமும் சேரும்போது ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 8.8 சுற்று கடக்கிறது. அதாவது பட்டை ஒவ்வொரு ஃப்ரேமிலும் தன் இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு நகர்கிறது. எடிட்டிங் மென்பொருளில் அடுத்தடுத்த ஐந்து ஃப்ரேம்களைச் சராசரி எடுத்தால் பட்டை தன்னைத்தானே சமன் செய்துகொண்டு ஏறக்குறைய மறைந்துவிடும். உங்கள் f வேறாக இருந்தால் ஐந்துக்குப் பதில் வேறு எண் வரும். அதை f-ஐ 25-ஆல் வகுத்து வரும் பின்னத்திலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். கர்சர் அசையும் இடத்தில் இதைச் செய்தால் ஐந்து ஆவிக் கர்சர்கள் தெரியும் என்பதால் அங்கே இது உதவாது.

அறை விளக்கையும் மறக்க வேண்டாம். நான் ஒரு முறை அரை நாள் வீணடித்தது இங்கேதான். திரையைச் சரியாகப் பொருத்தியபிறகும் மங்கலாக ஒரு பட்டை நகர்ந்துகொண்டிருந்தது. ஷட்டரை எப்படித் திருகினாலும் ஒன்று போனால் மற்றது வந்தது. கடைசியில் பார்த்தால், திரையின் ஓரத்தில் சுவரிலும் அதே பட்டை இருந்தது. கூரை விளக்கு 100 ஹெர்ட்ஸில் மினுக்கியது. 1/55-இல் அதற்கு 1.82 சுற்று, ஆகவே விளக்கின் பட்டை. 1/50-இல் விளக்கு சுத்தம், திரை அசுத்தம். இரண்டுக்கும் பொதுவான ஷட்டர் 1/20-தான், 25 ஃப்ரேமில் அவ்வளவு நீளம் வைக்கவே முடியாது. விளக்கை அணைத்துவிட்டு மினுக்காத எல்இடி பேனல் ஒன்றை வைத்ததும் விஷயம் முடிந்தது. உங்களுக்கும் சந்தேகம் வந்தால் திரையை அணைத்துவிட்டுச் சுவரை மட்டும் எடுத்துப் பாருங்கள், பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் திரையை மட்டும். எந்தப் பட்டை யாருடையது என்று பிரிந்துவிடும்.

மினுக்கம் ரிஃப்ரெஷோடு கட்டுண்ட திரைகளில் இன்னும் எளிய வழி ஒன்று உண்டு: கேமராவை விட்டுவிட்டுத் திரையை நகர்த்துவது. ஓஎல்இடி திரைகள் பெரும்பாலும் இந்த வகை, ஒவ்வொரு ரிஃப்ரெஷிலும் வெளிச்சம் ஒரு கணம் தாழ்ந்து எழும். பி.டபிள்யூ.எம். இருந்தாலும் அது 240, 480 என்று 60-இன் மடங்காக இருப்பதுண்டு. திரை 50 ஹெர்ட்ஸை ஏற்றுக்கொண்டால், கேமராவை 1/50-இலேயே வைத்துக்கொள்ளலாம், 100 ஹெர்ட்ஸ் விளக்கோடும் சண்டை வராது. விண்டோஸில் Settings, System, Display, Advanced display என்று போனால் திரை ஏற்கும் ரிஃப்ரெஷ் ரேட்டுகள் வரும். லினக்ஸில் எக்ஸ் சர்வர் ஓடினால் முதலில் வெறும் `xrandr` கொடுத்துத் திரையின் பெயரையும் ரேட்டுகளையும் பார்த்துவிட்டு, HDMI-1 இருக்கும் இடத்தில் அந்தப் பெயரைப் போட்டு இப்படி:

```
xrandr --output HDMI-1 --mode 1920x1080 --rate 50
```

பட்டியலில் 50 இல்லையென்றால் வற்புறுத்த வேண்டாம். 100 இருந்தால் அதுவும் 1/50-க்கு ஒத்துவரும். 144 ஹெர்ட்ஸ் திரைக்கு 1/48, சரியாக மூன்று சுற்று. ரேட்டைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் Dynamic என்றோ, தானாக மாறும் ரேட் என்றோ ஏதாவது இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிட்டு ஒரே எண்ணில் பூட்டுங்கள். திரையில் அசைவு நின்றதும் தானாக ரேட்டைக் குறைத்துக்கொள்ளும் திரையோடு எந்த ஷட்டரும் பொருந்தாது. ஒத்திகையில் சுத்தமாக வந்து, டேக்கில் பட்டை வரும். லேப்டாப்பை சார்ஜரிலேயே வையுங்கள். பேட்டரிக்கு மாறும்போது பிரைட்னஸ் தானாக இறங்கினால், நீங்கள் கண்டுபிடித்த சமநிலையும் அதோடு போய்விடும்.

ஷட்டரைப் பொருத்தியபிறகு வெளிச்சத்தைச் சரிசெய்ய ஷட்டரைத் தொடாதீர்கள், அப்பர்ச்சரும் ஐ.எஸ்.ஓ.வும் மட்டும்தான். போனில் எடுப்பவர்கள் ஷட்டரைக் கையால் பூட்டும் செயலி ஒன்றைப் பயன்படுத்தியே ஆக வேண்டும், தானியங்கியில் விட்டால் முகம் உள்ளே வந்ததும் அது ஷட்டரை மாற்றிவிடும்.

பட்டை போய்விட்டதா என்று கேமராவின் சின்னத் திரையை நம்பி முடிவு செய்யாதீர்கள். ஐந்து சதவீதப் பட்டை அதில் தெரியாது, அந்தத் திரைக்கும் சொந்த ரிஃப்ரெஷ் இருக்கிறது. படத்தின் வெளிச்ச அளவை வரைபடமாகக் காட்டும் வேவ்ஃபார்ம் கேமராவில் இருந்தால் அதில் வெள்ளைப் பக்கத்தைப் பாருங்கள். மெல்லிய, ஒழுங்கான கோடாக நின்றால் சரி, கோடு தடித்தாலோ மேலும் கீழும் மூச்சு விட்டாலோ பட்டை இன்னும் இருக்கிறது. அது இல்லையென்றால், குறித்த வெளிச்ச அளவை எட்டிய இடங்களில் கோடு போட்டுக் காட்டும் ஜீப்ராவின் அளவை வெள்ளையின் விளிம்பில் வையுங்கள். மிச்சப் பட்டை கடக்கும் இடங்களில் ஜீப்ராக் கோடுகள் தோன்றித் தோன்றி மறையும். இரண்டும் இல்லாத கேமரா என்றால் பத்து வினாடி பதிவு செய்து, கணினியில் பெரிதாகப் போட்டு, கான்ட்ராஸ்டை நன்றாக ஏற்றிப் பாருங்கள். அதிலும் தெரியாவிட்டால் படப்பிடிப்பைத் தொடங்கலாம்.